முதலில் கழி, பிறகு பெருக்கு

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து டீக்கடைகளில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. "சிங்கப்பூர்ல மாசம் எண்ணூத்தி எண்பது வெள்ளி. வெள்ளி அறுபத்தஞ்சு ரூபா. ஐம்பத்தேழாயிரம் ஆச்சா? இங்க சிமெண்ட் ஃபேக்டரில காண்ட்ராக்ட்ல பதினெட்டாயிரம். அப்புறம் என்ன யோசனை?" கேட்கிறவன் தலையாட்டுகிறான். மறுநாள் வீட்டுப் பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வருகிறது.

இந்தக் கணக்கில் எண்கள் தப்பில்லை, வரிசைதான் தப்பு. முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு கழித்தால், பெருக்கி வந்த தொகையிலேயே கண் குத்திட்டு நின்றுவிடும். அதன் பிறகு கழிக்கிற எதுவும் சில்லறையாகத்தான் தெரியும். முதலில் கழியுங்கள், பிறகு பெருக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அப்படிச் செய்தால் இந்த வாதத்தில் இதுவரை யாரும் கைகாட்டாத ஆள் யார் என்று தெரியவரும்.

நான் ஆறு வருஷம் சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்தவன். இப்போது அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு ஆள் விடும் காண்ட்ராக்டரிடம் டைம் ஆபீஸில் இருக்கிறேன். வருகைப் பதிவு, ஓ.டி., பி.எஃப். எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இரண்டு பக்கத்துச் சம்பளச் சீட்டும் என் கையில் புழங்கியவை. என் அக்கா மகன் டிப்ளமோ முடித்துவிட்டு இதே ஆலையில் காண்ட்ராக்டில் இருக்கிறான். இப்போது டெஸ்ட் அடித்துவிட்டு சிங்கப்பூர் போக நாலு லட்சம் புரட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் போட்டுக்கொடுத்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் சம்பள ஒப்பீடு என்று தேடினால் வருவதெல்லாம் ஐ.டி. ஆட்களுக்கான கணக்கு. அதில் முதல் இரண்டு வரி எப்போதும் வருமான வரியும் வீட்டு வாடகையும்தான். எங்கள் ஊர்க்காரனுக்கு அந்த இரண்டுமே பூஜ்யம். சிங்கப்பூரில் ஒரு வருஷத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே வசிப்பவர் என்று கொள்வார்கள். அப்படிப்பட்டவருக்கு வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. ஒர்க் பெர்மிட்காரனின் வருஷச் சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. வெளிநாட்டில் வசிப்பவனாகிவிட்ட பிறகு அங்கே உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு இந்தியாவிலும் வரி இல்லை. தங்க இடம் ஏற்பாடு செய்ய வேண்டியது கம்பெனி. அவன் டார்மெட்ரியில் ஒரு கட்டிலில் படுக்கிறான். இங்கே பதினெட்டாயிரம் வாங்குகிறவனுக்கும் வரி இல்லை, சொந்த ஊர் என்பதால் வாடகையும் இல்லை. ஆக அந்த இரண்டு வரியையும் அடித்துவிடலாம். அந்த இடத்தில் எங்கள் ஊரில் வேறு இரண்டு வரி வந்து உட்கார்கிறது. ஒன்று ஏஜெண்ட், இன்னொன்று வட்டி.

சிங்கப்பூர்ப் பத்தியை முதலில் எடுப்போம். அடிப்படைச் சம்பளம் மாதம் 600 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன், நாளுக்கு 23 வெள்ளி வரும். சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேர வேலை, அதற்கு மேல் செய்தால் ஓ.டி. மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்துக்கும் 44 மணிக்கும் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். அதில் ஒன்றரை மடங்கு ஓ.டி. நம்ம ஆளுக்கு அது மணிக்கு 4 வெள்ளி 72 காசு. மாதம் 60 மணி நேரம் ஓ.டி. கிடைத்தால் 283 வெள்ளி. மொத்தம் 883. டீக்கடைக்காரர் சொன்ன எண் இதுதான், அவர் பொய் சொல்லவில்லை.

இனி வெள்ளியிலேயே கழிப்போம். கேட்டரிங் சாப்பாடு 160. காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து விடியற்காலையிலேயே பொட்டலம் வந்து விழும், மதியம் பிரிக்கும்போது குழம்பு லேசாகப் புளித்திருக்கும், அதற்குத்தான் இந்த 160. போன் 15. சோப்பு, முடிவெட்டு, டீ, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய்வருவது எல்லாம் சேர்த்து 65. பணம் அனுப்பும் கட்டணமும், ரேட்டில் அவன் எடுத்துக்கொள்ளும் வித்தியாசமும் ஒரு 8. மிச்சம் 635 வெள்ளி. இப்போது பெருக்கலாம்: 41,000 ரூபாய்ச் சொச்சம்.

இரண்டு வருஷத்தில் ஒரு மாதம் ஊருக்கு லீவில் வருவான், அந்த மாதம் சம்பளம் இல்லை. 23 மாதத்துக்குக் கையில் நிற்பது சுமார் 9,49,000 ரூபாய். லீவில் வந்துபோகும் டிக்கெட் 25,000. வெறுங்கையோடு திருச்சி ஏர்போர்ட்டில் இறங்க முடியாது. கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட், மச்சானுக்கு ஒரு வாட்ச், அக்கா பிள்ளைக்கு ஒரு மோதிரம் என்று 40,000 போகும். இரண்டும் சேர்த்து 65,000.

அடுத்து அந்த நாலு லட்சம். எங்கள் பக்கம் அவசரக் கடன் இரண்டு வட்டிக்குக் கிடைக்கும், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். நாலு லட்சத்துக்கு முதல் மாத வட்டி மட்டும் 8,000. அசலில் மாதம் 25,000 அடைத்தால் 16 மாதத்தில் கடன் முடியும், அதற்குள் வட்டியாக மட்டும் 68,000 கட்டியிருப்பான். முதல் மாதம் 41,000 அனுப்புகிறான் என்றால் 33,000 கடன்காரர் வாசலிலேயே இறங்கிவிடும். அம்மா கையில் எட்டாயிரம். "என் பையன் அம்பத்தேழாயிரம் வாங்குறான்" என்று தெருவில் சொல்லிக்கொண்டு, அந்த எட்டாயிரத்தில் குடித்தனம் நடத்தும் தாய்மார்கள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

ஆக 9,49,000-இல் ஏஜெண்டுக்கு 4,00,000, வட்டிக்கு 68,000, போக்குவரத்துக்கும் சாமானுக்கும் 65,000. மிஞ்சுவது 4,16,000. 24 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 17,300. ஐம்பத்தேழாயிரம் என்று ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறது.

இப்போது உள்ளூர்ப் பத்தி. மொத்தச் சம்பளம் 18,000. பி.எஃப். 15,000-க்குப் பிடிக்கிறார்கள் என்றால் தொழிலாளி பங்கு 1,800, இ.எஸ்.ஐ. 135. கைக்கு 16,065 வரும். டீக்கடைக் கணக்கில் பிடித்தம் என்றால் போன காசு. ஆனால் அந்த 1,800 அவன் பெயரில்தான் இருக்கிறது. அதோடு கம்பெனியும் 1,800 போடுகிறது. அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போக, 550 அவன் பி.எஃப்.பிலேயே சேர்கிறது. ஆக மாதம் 2,350 அவனுக்குத் தெரியாமலே சேமிப்பாகிறது. சிங்கப்பூரில் உள்ளூர்க்காரனுக்கு மத்திய சேமநிதி உண்டு, ஒர்க் பெர்மிட்காரனுக்குக் கிடையாது. இங்கே இ.எஸ்.ஐ. அவனோடு சேர்த்து வீட்டாருக்கும் மருத்துவம் பார்க்கிறது. அங்கே கம்பெனி எடுக்கும் காப்பீடு அவனுக்கு மட்டும்தான்.

செலவும் நேர்மையாகக் கழிப்போம். அங்கே அவன் சாப்பாட்டைக் கழித்தோம் என்றால் இங்கேயும் அவன் வாய்க்குப் போவதைக் கழிக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டில் அவன் பங்கும் டீயும் 3,500, ஆலைக்குப் போய்வர பைக் பெட்ரோல் 2,000, போன் 300. மிச்சம் 10,265. பி.எஃப். சேமிப்பைச் சேர்த்தால் 12,600. ஓய்வூதியப் பங்கு, போனஸ், ஐந்து வருஷம் ஆனால் வரும் பணிக்கொடை எதையும் நான் சேர்க்கவில்லை.

17,300-க்கும் 12,600-க்கும் வித்தியாசம் 4,700 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு 1,13,000. நேரத்தையும் பாருங்கள். அங்கே ஓ.டி.யோடு மாதம் 250 மணி நேரம், இங்கே 208. மணிக்கு வகுத்தால் அங்கே 69 ரூபாய், இங்கே 61. இந்த எட்டு ரூபாய்க்காகத்தான் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வருகிறது.

அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்தான். ஓ.டி. 60 மணியிலிருந்து 20 மணிக்கு இறங்கினால் மாதம் 12,000 ரூபாய் குறையும். அப்போது முதல் காண்ட்ராக்டின் மாத மிச்சம் 17,300 அல்ல, 5,500. வேலை குறைவான சைட்டில் மாட்டியவனுக்கு இதுதான் கதி. சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்துவது இதனால்தான். வேலைக்கு அனுமதி கிடைத்ததும் ஐ.பி.ஏ. கடிதம் வரும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாகப் போட்டிருக்கும். விமானம் ஏறும் முன்பே அதைத் தொழிலாளிக்கு அனுப்ப வேண்டியது கம்பெனியின் கடமை. ஏஜெண்ட் வாய்வார்த்தையாகச் சொன்ன எண்ணூறுக்கும் அந்தக் கடிதத்தில் இருக்கும் பேசிக்குக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் ஓ.டி. அந்தப் பள்ளத்தை நிரப்புவதாக யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொன்று, பாதியில் பெர்மிட் ரத்தாவது. வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாமல் 41,000-ஐயும் அப்படியே கடனுக்குக் கட்டினாலும் நாலு லட்சமும் வட்டியும் தீர 11 மாதம் ஆகும். அதற்குள் கம்பெனி திருப்பி அனுப்பினால் அவன் ஊரிலிருந்து கிளம்பிய நாளைவிட ஏழையாகத்தான் திரும்புவான். நான் அங்கே இருந்தபோது என் அறையில் படுத்திருந்த பையன் ஒருவன் ஒன்பதாவது மாதம் போனான். கம்பெனிக்குப் புது வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இனி டீக்கடைக் கணக்கின் பெரிய மோசடிக்கு வருகிறேன். "இங்க வாங்குற பதினெட்டாயிரத்துல என்ன மிஞ்சுது? மாசக் கடைசில கையில நயா பைசா இல்ல. அங்க போனவன் வீடு கட்டுறான்ல?" ஏன் மிஞ்சவில்லை? அரிசி, பருப்பு, கரண்ட், தங்கச்சி காலேஜ் ஃபீஸ், அப்பா மாத்திரை எல்லாம் அந்தப் பதினெட்டாயிரத்தில் போகிறது. அவன் சிங்கப்பூர் போய்விட்டால் இவை நின்றுவிடுமா? அதே அரிசி, அதே மாத்திரை, அனுப்புகிற பணத்திலிருந்து போகும். ஆனால் டீக்கடையில் குடும்பச் செலவை உள்ளூர்ச் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை முழுதாக நிறுத்திவைத்துப் பேசுகிறார்கள். ஒரு தட்டில் மூட்டையை ஏற்றிவிட்டு இன்னொரு தட்டு மேலே போகிறதே என்று ஆச்சரியப்படுவது போன்றது இது. குடும்பச் செலவை இரண்டிலும் கழியுங்கள், அல்லது இரண்டிலும் விடுங்கள். நான் இரண்டிலும் விட்டிருக்கிறேன்.

அப்படியானால் வீடு கட்டியவர்கள் எல்லாம் எப்படிக் கட்டினார்கள்? இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் ஒதுங்கினால் நானும் அரைக்கணக்குக்காரன்தான். அவர்கள் இரண்டாவது, மூன்றாவது காண்ட்ராக்டில் கட்டினார்கள். அதே கம்பெனியில் பெர்மிட் நீட்டித்தால் ஏஜெண்ட் இல்லை, வட்டி இல்லை. அப்போது 9,49,000-இல் போக்குவரத்து 65,000 மட்டும் போகும். மாதம் 36,800 நிற்கும், மணிக்கு 147 ரூபாய். இங்கே கிடைப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்த லாபம் நிஜம், அதை மறுக்கிறவன் அங்கே போகாதவன். இதில் சம்பளம் ஏறியது குறைவு, ரூபாய் இறங்கியது அதிகம். 2010-இல் வெள்ளி 33 ரூபாய்ப் பக்கம் இருந்தது, இந்தக் கணக்கில் 65. அந்தக் காலத்தில் வேப்பூர், குன்னம் பக்கம் எழும்பிய மாடி வீடுகளைக் காட்டி இன்றைய பையனுக்கு ஆசை காட்டுகிறார்கள். அந்த வீட்டுக்காரர் எத்தனை வருஷம் இருந்தார், முதலில் எவ்வளவு கட்டிவிட்டுப் போனார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே இது ஊரா வெளிநாடா என்ற சண்டையே அல்ல. முதல் இரண்டு வருஷம் அவன் உழைப்பது ஏஜெண்டுக்கு, மூன்றாவது வருஷத்திலிருந்துதான் தனக்கு. சண்டை அந்த நாலு லட்சத்தோடுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்காக வாங்கக்கூடிய அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, காண்ட்ராக்டின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் வாங்கலாம், இரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. நம்ம ஆளுக்கு அது 1,200 வெள்ளி, 78,000 ரூபாய். இரண்டையும் உச்சத்தில் வாங்கினாலும் 1,13,400-தான். வேலை கொடுப்பதற்காகக் கம்பெனிக்காரன் தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். அப்படியிருந்தும் நாலு லட்சம் எப்படி ஆகிறது? பயிற்சி, டெஸ்ட், மெடிக்கல், டிக்கெட் போன்றவை உண்மையான செலவு, ஒத்துக்கொள்கிறேன். மீதி ஊர் புரோக்கர், அவனுக்கு மேல் ஒருத்தன், அங்கே ஒருத்தன் என்று ரசீது இல்லாமல் கைமாறுகிறது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. அதனால் கிளம்பும்போது அரசு எதையும் எட்டிப் பார்ப்பதில்லை.

நாலு லட்சம் இரண்டு லட்சமாகக் குறைந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். கடன் எட்டு மாதத்தில் முடிகிறது, வட்டி 18,000-தான். முதல் காண்ட்ராக்டிலேயே மாதம் 27,700 நிற்கிறது. உள்ளூரோடு வித்தியாசம் 4,700-இலிருந்து 15,000-ஐத் தாண்டிவிடுகிறது. அவன் அங்கே ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக உழைக்கவில்லை. ஓ.டி.க்காக ஞாயிற்றுக்கிழமையை விற்பதைவிட, இங்கே கிளம்பும் முன் ஏஜெண்டிடம் ரசீது கேட்பதில் அதிகப் பணம் இருக்கிறது.

இந்த இடத்தில் என் இலக்கிய நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. 2015-இல் நடந்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் என்று கணித்தது. அவர்களில் அதிகம் பேர் இருந்தது சிங்கப்பூரில். அவர்களைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பிரிவு, ஏக்கம், டார்மெட்ரி ஜன்னலில் தெரியும் நிலா. படித்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் எந்தக் கதையிலும் அந்த நிலாவைப் பார்க்கிறவன் எத்தனை வட்டிக்குக் கடன் வாங்கினான் என்று எழுதியிருப்பதில்லை. ஏக்கத்துக்கு யாரும் பொறுப்பில்லை. கடனுக்கு ஆள் இருக்கிறான், அவனுக்குப் பெயர் இருக்கிறது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆபீஸ் இருக்கிறது. துக்கத்தை மட்டும் எழுதினால் அவன் நிம்மதியாகத் தூங்குவான்.

"ஊர்லயே கெடன்னு சொல்றியா?" என்று கேட்பார்கள். இல்லை. உள்ளூர்க் காண்ட்ராக்ட் வேலை ஒன்றும் சொர்க்கம் இல்லை. பத்து வருஷம் ஆனாலும் அதே காண்ட்ராக்ட். பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு, யு.ஏ.என். எண்ணை வைத்து பாஸ்புக்கை மாதாமாதம் பார்க்காவிட்டால் தெரியாது. வெளிநாட்டுப் பணத்துக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. ஆள் ஊரில் இல்லாததால் கல்யாணம், காதுகுத்து, கடன் கேட்கிற மாப்பிள்ளை என்று பணம் கரைவதில்லை. அது வலுக்கட்டாயமான உண்டியல். ஆனால் இரண்டு வட்டிக்கு வாங்கிய கடனோடு உண்டியலில் காசு போடுகிறவன் உண்டியலின் அடியில் ஓட்டை போட்டுக்கொண்டு போடுகிறான்.

அக்கா மகனிடம் நான் போகாதே என்று சொல்லவில்லை. மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வா என்றேன். ஐ.பி.ஏ.யில் பேசிக் எவ்வளவு வரும்? நாலு லட்சத்தில் எதெதற்கு ரசீது கிடைக்கும்? 11-ஆவது மாதத்துக்கு முன் திருப்பி அனுப்பினால் எவ்வளவு திரும்பத் தருவான்? ஏஜெண்டிடம் போய்க் கேட்டிருக்கிறான். "இவ்வளவு கேக்குற ஆளுக்கு இந்த வேலை சரிப்படாது தம்பி, க்யூல அம்பது பேரு நிக்கிறான்" என்று பதில் வந்திருக்கிறது. அக்காவுக்கு என்மேல் கோபம். பையனின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனாம்.

க்யூவில் ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்பது நிஜம். ஆளுக்கு நாலு லட்சம் என்றால் இரண்டு கோடி. இந்த மாவட்டத்து மண்ணில் சுண்ணாம்புக்கல்லுக்கு அடுத்தபடியாகத் தோண்டி எடுக்கப்படுவது அந்தப் பணம்தான். சுண்ணாம்புக்கல்லுக்காவது எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள்.